நன்கொடைக் கடிதம்: "ஒரு நாள் சாப்பாடு" என்று கேட்டால் எவ்வளவு போடுவது?

ஓடம்போக்கி | 4 ஆகஸ்ட் 2025

திருவாரூர் பக்கம் அறக்கட்டளைப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை, 64 பிள்ளைகள், கட்டணம் கிடையாது. அரசு உதவி பெறாத பள்ளி என்பதால் சத்துணவும் கிடையாது, நாங்களே சமைக்கிறோம். சுற்றியுள்ள ஊர்களில் 600 குடும்பங்களுக்குக் கடிதம் கொடுக்கப்போகிறோம். தாளாளர் எழுதிய வரைவு:

"அன்புடையீர், வணக்கம். எமது பள்ளி கடந்த பல ஆண்டுகளாக ஏழை எளிய மாணவர்களின் கல்வி வளர்ச்சிக்காக அரும்பணியாற்றி வருவது தாங்கள் அறிந்ததே. பள்ளியின் வளர்ச்சிப் பணிகளுக்குப் பெரும் நிதி தேவைப்படுவதால், தாங்கள் தங்களால் இயன்ற நன்கொடையைத் தாராளமாக வழங்கி உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

கீழே தாளாளரின் ஜீபே எண். அவ்வளவுதான். இதை மாற்றி, ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை ஒரு குடும்பம் ஏற்கிற மாதிரி கேட்கலாம் என்பது என் யோசனை. கணக்குப் போட்டதில் ஒரு பிள்ளைக்கு 22 ரூபாய், 64 பேருக்கு 1,408. கடிதத்தில் 1,400 என்று போடலாமா, 1,500 என்று போடலாமா?

வெண்ணாறு | 4 ஆகஸ்ட்

1,501 போடுங்க. நம்ம ஊரில் ஒன்று இல்லாமல் முடியும் தொகைக்கு ஒரு மாதிரி பார்ப்பார்கள். மேலே கொட்டை எழுத்தில் "80ஜி வரிவிலக்கு உண்டு, முழுத் தொகைக்கும் வரி இல்லை" என்று போடுங்க. அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

சும்மா_ஒருவன் | 4 ஆகஸ்ட்

காலை உணவு, மதிய உணவு இரண்டையும் அரசே தருகிறதே, இவர்கள் எதற்கு வசூல் பண்ணுகிறார்கள்?

ஓடம்போக்கி | 4 ஆகஸ்ட்

@சும்மா_ஒருவன் அவை அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும். மேலே முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.

பேரேடு | 5 ஆகஸ்ட்

அறக்கட்டளைக் கணக்குகள் பார்ப்பவன். வரைவில் மூன்று கோளாறு. தொகையிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

1,408 என்பது மளிகையும் காய்கறியும் மட்டும். சமைப்பது யார்? அவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு? எரிவாயு? ஒரு நாள் சாப்பாடு என்று எழுதி 1,408 வாங்கினால், அந்தப் பணத்தில் அரிசி வரும், அதை வடிக்க ஆள் வராது. சம்பளத்துக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டிவரும். "சமையல்காரிக்குச் சம்பளம் தாருங்கள்" என்ற கடிதத்துக்கு யாரும் உபயம் எழுத மாட்டார்கள். சாப்பாட்டுக்கு ஆள் வரிசையில் நிற்பார்கள், கரண்ட் பில்லுக்கு ஈ காக்கை வராது. அதனால்தான் சாப்பாட்டு விலையிலேயே சாப்பாடு உண்டாக ஆகும் முழுச் செலவையும் வைக்க வேண்டும் என்கிறேன். இது ஏமாற்று இல்லை. சமையல்காரி சம்பளம் சாப்பாட்டுச் செலவுதான்.

சம்பளமும் சிலிண்டர் கணக்கும் கொடுங்கள், போட்டுத் தருகிறேன்.

ஓடம்போக்கி | 5 ஆகஸ்ட்

சமையல்காரம்மாவுக்கு மாதம் 9,000, உதவியாளுக்கு 6,000. பெரிய சிலிண்டர், 19 கிலோ, பதினைந்து பதினாறு சமையலுக்கு வருகிறது. விலை 1,900 பக்கம். சமைக்கிற நாள் வருடத்துக்கு 210.

வெண்ணாறு | 5 ஆகஸ்ட்

பத்து மாதம் பள்ளி, 1,50,000 சம்பளம். 210-ஆல் வகுத்தால் 714. எரிவாயு 120. ஆக 1,408 + 714 + 120 = 2,242. நான் சொன்ன மாதிரி 2,251 போட்டுவிடலாம்.

பேரேடு | 6 ஆகஸ்ட்

@வெண்ணாறு மே மாதம் சமையல்காரம்மா பட்டினி கிடப்பாரா? விடுமுறையில் சம்பளம் நிறுத்தினால் ஜூனில் அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். 12 மாதம், 1,80,000. ஆனால் வகுப்பது 210 நாளால்தான், ஏனென்றால் கொடையாளர் வாங்குவது சமைக்கிற நாளை. 857 வருகிறது.

1,408 + 857 + 120 = 2,385. 2,500 போடுங்கள். மிஞ்சும் 115 ரூபாயில் பாத்திரம், கடிதம் அச்சிட்ட செலவு, ரசீதுப் புத்தகம் எல்லாம் அடங்கும்.

இரண்டாவது கோளாறு தாளாளரின் சொந்த ஜீபே எண். எண்ணைப் போட்டதும் போனில் தனிமனிதர் பெயர் வருகிறது. கடிதத் தலைப்பில் பள்ளி பெயர். இரண்டும் பொருந்தாவிட்டால் விவரம் தெரிந்தவர் கையை எடுத்துவிடுவார். அதைவிட மோசம், பணம் தாளாளரின் சொந்தக் கணக்கில் விழுந்தால் அவருடைய வருமானமா என்று அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே க்யூஆர் வாங்குங்கள். போனில் என்ன பெயர் காட்டுகிறதோ அதை அப்படியே க்யூஆருக்குக் கீழே அச்சிடுங்கள்: "ஸ்கேன் செய்தால் இந்தப் பெயர் வரும். வேறு பெயர் வந்தால் பணம் அனுப்ப வேண்டாம்."

மூன்றாவது கோளாறு @வெண்ணாறு கொண்டுவந்தது, தனியாக எழுதுகிறேன்.

பேரேடு | 6 ஆகஸ்ட்

80ஜி. முழுத் தொகைக்கும் இல்லை. இதுபோன்ற அறக்கட்டளைக்குக் கொடுப்பதில் பாதிதான் வருமானத்தில் கழியும், அதற்கும் மொத்த வருமானத்தில் 10% என்று ஒரு வரம்பு உண்டு. புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தப் பாதியும் இல்லை. இப்போது தானாக விழுவது புதிய முறைதான். கொட்டை எழுத்தில் போட்டு, மார்ச்சில் ஒரு வாத்தியார் தன் ஆடிட்டரிடம் காட்டி "இது உங்களுக்குக் கிடையாது சார்" என்று கேட்டுவிட்டு வந்தால், பொய் சொன்னது பள்ளி என்றுதான் ஆகும்.

இன்னொன்று. ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் அந்தத் தொகைக்குக் கழிவே கிடையாது, 2,000 வரைக்கும் கூடக் கிடையாது. நாம் கேட்பது 2,500. நம் ஊரில் பாதிப் பேர் நோட்டாகத்தான் நீட்டுவார்கள். அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் 80ஜி இல்லை. கடிதத்தின் அடியில் சின்னதாக ஒரு வரி போதும்: "80ஜி சான்று வேண்டுவோர் வங்கி வழியாகச் செலுத்தவும்; பழைய வரி முறையில் இருப்போருக்கே பயன்படும்."

வெண்ணாறு | 6 ஆகஸ்ட்

சரி, பாதி. அந்தப் பாதியைத்தான் நான் முழுசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1,250 + 1,250 என்று இரண்டு நாளில் ரொக்கமாகக் கொடுத்தால்?

பேரேடு | 7 ஆகஸ்ட்

அடுத்தடுத்த எண்ணில் இரண்டு ரசீது, ஒரே பெயர், ஒரே சாப்பாட்டு நாள். பார்க்கிறவருக்குக் கண் தெரியாதா? இரண்டு வெவ்வேறு மாதத்தில் உண்மையாகவே இரண்டு தடவை கொடுத்தால் அது வேறு. இதில் ஆடிட்டர்கள் ஒரே மாதிரி பேசுவதில்லை. பள்ளி தானாக அந்த வழியைச் சொல்லித்தர வேண்டாம்.

டீச்சரம்மா | 7 ஆகஸ்ட்

கடிதம் யார் யாருக்குப் போகிறது? 600 குடும்பத்தில் இப்போது படிக்கிற பிள்ளைகளின் வீடும் இருக்குமே. டைரியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். கட்டாய நன்கொடை என்று ஒரே ஒரு பெற்றோர் எழுதிப்போட்டால் போதும். கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவில் சேர்க்கைக்கு நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். நீங்கள் சேர்க்கைக்கு வாங்கவில்லைதான். ஆனால் ஜூன் மாதம் சேர்க்கைப் படிவத்தோடு இந்தக் கடிதமும் போனால் எதைச் சொல்லி நம்பவைப்பீர்கள்?

பிள்ளைகள் கையில் உண்டியலோ கடிதக் கட்டோ கொடுத்துத் தெருவுக்கு அனுப்பவும் கூடாது.

ஓடம்போக்கி | 7 ஆகஸ்ட்

பெற்றோர் வீடுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், 51 குறைந்தது. எப்போது கொடுப்பது? தாளாளர் தீபாவளிக்கு முன் வாரம் என்கிறார். போனஸ் வந்திருக்குமாம்.

டீச்சரம்மா | 8 ஆகஸ்ட்

போனஸ் திருப்பூரில் வரும். இங்கே தீபாவளிக்கு முன் வாரம் கையிலிருக்கும் காசு துணிக்கடைக்குப் போகிறது. இது வயல் ஊர். குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குக் கணக்கில் பணம் ஏறிய பிறகு கொடுங்கள். இல்லையென்றால் சம்பா முடிந்து மாசி, பங்குனியில். சம்பளக்காரர் வீட்டுக்கு மாதத்தின் முதல் வாரம். ஒரே நாளில் 549 கடிதமும் போக வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அச்சுக்கோர்ப்பு | 8 ஆகஸ்ட்

அச்சகத்துக்கு வரும் நன்கொடைக் கடிதங்களில் அடிக்கடி பார்க்கும் தப்பு: க்யூஆர் மடிப்பில் விழும். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். மூன்றாக மடித்தால் மேலிருந்து 99-இலும் 198-இலும் கோடு விழும். க்யூஆர் அந்தக் கோட்டில் உட்கார்ந்தால் நாலு நாள் சட்டைப்பையில் கிடந்த பிறகு ஸ்கேன் ஆகாது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் வையுங்கள், பக்கம் 3 செ.மீ.க்குக் குறையாமல். சுற்றி வெள்ளை விளிம்பு விட வேண்டும். மஞ்சள் தாள் மங்கலம்தான், ஆனால் க்யூஆரை வெள்ளையில் போடுங்கள். 600 அடிப்பதற்கு முன்னால் ஒன்று அடித்து, மடித்து, விரித்து, மூன்று செயலியில் ஸ்கேன் செய்து 1 ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

எழுத்து 13 புள்ளிக்குக் கீழே வேண்டாம். படிக்கப்போவது பெரும்பாலும் தாத்தாக்கள்.

அச்சுக்கோர்ப்பு | 8 ஆகஸ்ட்

அச்சடித்த பெயர் ஒட்டிய கடிதத்தைவிட "திரு. இன்னார் குடும்பத்தார்க்கு" என்று கையால் எழுதியதைத்தான் திறக்கிறார்கள். 549 பெயரைக் கையால் எழுத மூன்று பேருக்கு ஒரு மாலை போதும். கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுவதில்லையா?

வெண்ணாறு | 9 ஆகஸ்ட்

பட்டியலுக்கு மொய் நோட்டைப் பாருங்கள். யார் எந்த ஊர், யாருக்கு யார் உறவு, எவ்வளவு எழுதுகிற கை என்பது வரை அதில் இருக்கும்.

டீச்சரம்மா | 9 ஆகஸ்ட்

மொய் திரும்பி வரும் பணம். அந்த நோட்டைப் பார்த்துக் கேட்டீர்கள் என்று தெரிந்தால் "எங்க வீட்டுக் காதுகுத்துக்குத் தாளாளர் என்ன வைத்தார்?" என்று கேட்பார்கள்.

சிராங்கூன் | 10 ஆகஸ்ட்

நான் அந்தப் பக்கத்துப் பெண். சிங்கப்பூரில் இருக்கிறேன். அப்பா நினைவு நாளுக்கு ஒரு நாள் சாப்பாடு என்று இப்போதே அனுப்பலாமா? இந்த க்யூஆருக்கு இங்கிருந்து அனுப்ப முடியுமா?

பேரேடு | 10 ஆகஸ்ட்

@சிராங்கூன் உங்கள் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?

சிராங்கூன் | 10 ஆகஸ்ட்

சிங்கப்பூர் பாஸ்போர்ட். ஓசிஐ அட்டை இருக்கிறது. கும்பகோணத்தில் வங்கிக் கணக்கும் இருக்கிறது, ரூபாயாகவே தரலாம்.

பேரேடு | 10 ஆகஸ்ட்

அப்படியானால் இந்தப் பள்ளி வாங்கக்கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவரின் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். ஓசிஐ இருந்தாலும், ரூபாயாக இருந்தாலும், கும்பகோணத்துக் கணக்கிலிருந்து வந்தாலும் அதேதான். எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள அமைப்புதான் வாங்கலாம், அதுவும் அதற்கென்று டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில். ஓடம்போக்கி, உங்களுக்கு அந்தப் பதிவு இருக்கிறதா?

ஓடம்போக்கி | 10 ஆகஸ்ட்

இல்லை.

பேரேடு | 10 ஆகஸ்ட்

அப்படியானால் கடிதத்தில் ஒரு வரி கட்டாயம்: "இந்தியக் குடியுரிமை உள்ளவர்களிடமிருந்து மட்டுமே நன்கொடை பெற இயலும்." இல்லாவிட்டால் யாராவது கடிதத்தைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப்பில் போடுவார்கள், கோலாலம்பூரிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் பணம் வந்து விழும், திருப்பி அனுப்பவும் தெரியாது.

சிராங்கூன் | 11 ஆகஸ்ட்

திருவாரூரில் இருக்கும் அண்ணன் அவர் பணத்தில் கொடுத்தால்?

பேரேடு | 11 ஆகஸ்ட்

அவர் பணம் என்றால் அவர் நன்கொடை, அவர் பெயரில் ரசீது. நீங்கள் அவருக்கு அனுப்பி அவர் இங்கே கொடுப்பது என்ற சுற்றுவழியைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

ஓடம்போக்கி | 13 ஆகஸ்ட்

ஒரு தப்பு. நேற்று சமையலறையில் தட்டு எண்ணினேன். 70. ஆறு ஆசிரியர்களும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். 22 ரூபாய் வீதம் 132 கூடுகிறது. 1,540 + 857 + 120 = 2,517. பேரேடு சொன்ன 2,500 இப்போதே 17 ரூபாய் துண்டு விழுகிறது.

பேரேடு | 13 ஆகஸ்ட்

நான்தான் கேட்டிருக்க வேண்டும். பிள்ளை எண்ணிக்கையை வாங்கினேன், தட்டு எண்ணிக்கையை வாங்கவில்லை. 2,600 வையுங்கள். 210 நாளும் நிரம்பினால் 5,46,000.

சும்மா_ஒருவன் | 13 ஆகஸ்ட்

பிள்ளைகளுக்கு என்று வாங்கி வாத்தியார்கள் சாப்பிடுகிறார்களா? இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

ஓடம்போக்கி | 13 ஆகஸ்ட்

நீங்கள் முதலில் சொன்னது வேறு. ஆனால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். கடிதத்தில் "64 பிள்ளைகளுக்கும் உடன் உண்ணும் 6 ஆசிரியர்களுக்கும்" என்றே போடப்போகிறேன்.

டீச்சரம்மா | 14 ஆகஸ்ட்

போடுங்கள். டீச்சர் அதே சோற்றைச் சாப்பிட்டால்தான் சாம்பாரில் உப்பு இல்லாதது அன்றைக்கே தெரியும்.

வெண்ணாறு | 14 ஆகஸ்ட்

போடவேண்டாம் என்பேன். ஆசிரியர் சாப்பாட்டை ஆசிரியரே கொடுக்கட்டும், மாதம் 400 சொச்சம்தான் வரும். கடிதத்தில் பிள்ளைகள் மட்டும் இருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது.

ஓடம்போக்கி | 14 ஆகஸ்ட்

அவர்கள் வாங்கும் சம்பளம் தெரிந்தால் இதைச் சொல்ல மாட்டீர்கள்.

டீச்சரம்மா | 15 ஆகஸ்ட்

இந்தத் திட்டத்தில் உள்ள பெரிய சிக்கலை யாரும் தொடவில்லை. தேதி. "ஒரு நாள்" என்றால் ஜனங்கள் கேட்கப்போவது அமாவாசை, அப்பா திதி, பிள்ளை பிறந்தநாள். காலண்டரைப் பாருங்கள். மகாளய அமாவாசை செப்டம்பர் 21, ஞாயிறு. தை அமாவாசை ஜனவரி 18, அதுவும் ஞாயிறு. அதிகம் பேர் கேட்கும் இரண்டு நாளிலும் பள்ளிக்கூடம் பூட்டிக்கிடக்கும். மே மாதத்தில் பிறந்த பிள்ளைகள் வேறு.

பேரேடு | 15 ஆகஸ்ட்

இது கணக்குச் சிக்கலும்கூட. ஒரே தேதிக்கு மூன்று குடும்பம் 2,600 வீதம் கொடுத்தால், அன்றைக்கு ஆன செலவு ஒன்றுதான். மூன்று பேருக்கும் "உங்கள் பணத்தில் இன்று சாப்பாடு" என்று ரசீது போட்டால் இரண்டு ரசீது பொய்.

வெண்ணாறு | 15 ஆகஸ்ட்

கோயிலில் ஒரே நாளைக்குப் பத்து உபயதாரர் இருக்கிறார்களே.

பேரேடு | 15 ஆகஸ்ட்

அங்கே பிரசாதம் பத்து பங்காகப் போகும். இங்கே 70 தட்டுதான்.

மூன்று ஏற்பாடு வேண்டும். ஒன்று, வேலை நாள்களை மட்டும் எண்ணிட்ட ஒரு நோட்டு, ஒரு நாளுக்கு ஒரு வரி. பெயர் எழுதியதும் அந்த நாள் மூடியாயிற்று. இரண்டு, கேட்ட தேதி விடுமுறையானாலோ நிரம்பிவிட்டாலோ அடுத்த வேலை நாள் என்று கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவதுதான் முக்கியம், பலர் விட்டுவிடுவது: 210 நாளும் நிரம்பிய பிறகு வரும் பணத்தை என்ன செய்வது? சாப்பாட்டுக்கு என்று வாங்கியதை எடுத்துக் கூரை போடக்கூடாது. கொடையாளர் நிரப்பித் தரும் துண்டுச் சீட்டில் ஒரு கட்டம் வையுங்கள்: "நாள்கள் நிரம்பியிருந்தால் பள்ளியின் பிற செலவுக்குப் பயன்படுத்தலாம்." டிக் அடித்தவரின் பணத்தை மட்டும் மாற்றலாம். அடிக்காதவருடையது அடுத்த வருடத்துக்குப் போகும்.

ஓடம்போக்கி | 16 ஆகஸ்ட்

துண்டுச் சீட்டில் வேறென்ன கேட்பது? நிறையக் கேட்டால் பயப்படுவார்கள்.

பேரேடு | 17 ஆகஸ்ட்

பெயர், முகவரி, போன், விரும்பும் தேதி, மேலே சொன்ன கட்டம். அதோடு ஒரு அடையாள எண். வருமான வரித்துறைக்கு வருடம் முடிந்ததும் 10பிடி என்ற பட்டியல் போட வேண்டும், யார் எவ்வளவு கொடுத்தார் என்று. மே 31 கடைசி. தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய். அதைப் போட்டால்தான் கொடையாளருக்கு 10பிஇ சான்று இறங்கும், அது இல்லாமல் அவர் கழிவு கேட்க முடியாது. பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் வேண்டும். பான் நல்லது. இல்லாதவருக்கு ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு எண்கூட ஏற்பார்கள். "பான் எண் கட்டாயம்" என்று எழுதி விவசாயக் குடும்பத்தை மிரட்டாதீர்கள்.

க்யூஆரில் வரும் பணத்தில்தான் திண்டாட்டம். ஸ்டேட்மென்டில் 12 இலக்க எண்ணும் அரைகுறைப் பெயரும் இருக்கும். யார் என்றே தெரியாமல் போனால் அது பெயரில்லா நன்கொடை. அது 1 லட்சத்தையும் மொத்த நன்கொடையில் 5 சதவீதத்தையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டியதற்கு 30% வரி. சின்னப் பள்ளி அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் யாருக்கு ரசீது என்று தெரியாமல் நிற்பது அவமானம். ஒவ்வொரு கடிதத்திலும் வரிசை எண் போடுங்கள், 001 முதல் 549 வரை. "பணம் அனுப்பும்போது குறிப்பில் இந்த எண்ணை இடவும்" என்று எழுதுங்கள். எழுதாதவர்களுக்குத்தான் போன் எண்.

பேரேடு | 18 ஆகஸ்ட்

மறந்துவிட்டேன், இது எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது. உங்கள் 80ஜி ஒப்புதல் கடிதத்தில் எந்த வருடம் வரை என்று இருக்கிறது? 2021-இல் மறுபதிவு செய்த அறக்கட்டளைகளில் பெரும்பாலானவற்றுக்கு 31 மார்ச் 2026-இல் முடிகிறது. ஆறு மாதத்துக்கு முன்பே, அதாவது இந்த செப்டம்பர் 30-க்குள், புதுப்பிக்க 10ஏபி படிவம் போட வேண்டும்.

ஓடம்போக்கி | 19 ஆகஸ்ட்

மதிப்பீட்டு ஆண்டு 2026-27 வரை என்று இருக்கிறது. ஒரு வருடம் இருக்கிறது போல.

பேரேடு | 19 ஆகஸ்ட்

மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்றால் நிதியாண்டு 2025-26. மார்ச்சோடு சரி. நாளைக்கே ஆடிட்டரைப் பாருங்கள். இந்த ஒரு வருடக் குழப்பத்தில்தான் பலர் தேதியை விடுகிறார்கள்.

வெண்ணாறு | 21 ஆகஸ்ட்

சாப்பாடு போடும்போது குடும்பத்தோடு வந்து பரிமாறலாம், போட்டோ எடுக்கலாம் என்று போட்டால் இன்னும் பத்து பேர் வருவார்கள்.

டீச்சரம்மா | 21 ஆகஸ்ட்

வந்து பார்க்கட்டும், உட்கார்ந்து கூடவே சாப்பிடட்டும். போட்டோ வேண்டாம். இன்றைக்கு இலை முன்னால் போட்டோவில் இருக்கும் பிள்ளை நாளைக்கு அதே ஊர்க் கடைத்தெருவில் நடக்க வேண்டும். சமையலறை வாசல் கரும்பலகையில் "இன்று: இன்னார் குடும்பம்" என்று சாக்பீஸில் எழுதினால் போதும், சாயந்திரம் அழித்துவிடலாம். டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துப் பெயிண்டில் உபயம் எழுதுகிற ஊர் இது, தொடங்கினால் நிறுத்த முடியாது.

வெளியில் சமைத்த பிரியாணி கொண்டுவருகிறேன் என்பார்கள். அதையும் கடிதத்திலேயே மறுத்துவிடுங்கள். பதினொரு மணிக்குக் கட்டிய பொட்டலம் ஒன்றரைக்குப் பிரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெண்ணாறு | 21 ஆகஸ்ட்

போட்டோ இல்லாவிட்டால் இளவட்டங்கள் கொடுக்க மாட்டார்கள். சமைத்த அண்டாவையாவது எடுக்க விடுங்கள்.

டீச்சரம்மா | 22 ஆகஸ்ட்

அண்டாவை எடுக்கட்டும்.

ஓடம்போக்கி | 26 ஆகஸ்ட்

இரண்டாம் வரைவு. தாளாளர் "அரும்பணி" போனதில் வருத்தமாக இருக்கிறார்.

"கடிதம் எண் ____

திரு./திருமதி ____________ குடும்பத்தார்க்கு வணக்கம்.

எங்கள் பள்ளியில் 64 பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்கிறார்கள். அரசு உதவி பெறாத பள்ளி என்பதால் சத்துணவு இங்கு இல்லை. மதியச் சாப்பாட்டை நாங்களே சமைக்கிறோம்.

64 பிள்ளைகளுக்கும் உடன் உண்ணும் 6 ஆசிரியர்களுக்கும் ஒரு நாள் சாப்பாட்டுக்கு 2,600 ரூபாய் ஆகிறது. மளிகை, காய்கறி, முட்டைக்கு 1,540; சமைப்பவர் இருவரின் சம்பளத்துக்கு 857; எரிவாயுவுக்கு 120; மீதி 83 பாத்திரம், ரசீது, அச்சுச் செலவுக்கு.

உங்கள் குடும்பம் இந்த ஆண்டு ஒரு நாளை ஏற்க வேண்டும் என்று கேட்கிறோம். இரண்டு குடும்பம் சேர்ந்து 1,300 வீதமும், நான்கு குடும்பம் சேர்ந்து 650 வீதமும் ஏற்கலாம். கேட்கும் தேதி விடுமுறையாகவோ நிரம்பியதாகவோ இருந்தால் அடுத்த வேலை நாளில் உங்கள் பெயரில் நடக்கும். அன்று வந்து உடன் உண்ணலாம். வெளியில் சமைத்த உணவு ஏற்பதற்கில்லை. பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம்.

பெற்ற தொகையும் செலவும் மாதாமாதம் பள்ளி வாசலில் ஒட்டப்படும்."

அடியில் க்யூஆர், வங்கிக் கணக்கு, 80ஜி பற்றிய வாசகம், குடியுரிமை பற்றிய வாசகம். பின்பக்கம் துண்டுச் சீட்டு.

அச்சுக்கோர்ப்பு | 26 ஆகஸ்ட்

பின்பக்கத்தில் வெட்டும் கோடு முன்பக்கத்து க்யூஆர் மேல் வருகிறதா என்று பாருங்கள். வெட்டிக் கொடுத்துவிட்டால் அடுத்த தடவை அனுப்ப அவர்களிடம் க்யூஆர் இருக்காது.

ஓடம்போக்கி | 26 ஆகஸ்ட்

சரியாக அங்கேதான் வந்திருக்கிறது.

பேரேடு | 27 ஆகஸ்ட்

கடிதம் நன்றாக இருக்கிறது. 549-ஐயும் ஒரேயடியாகக் கொடுக்காமல் முதலில் ஒரே தெருவில் 50 கொடுங்கள். எத்தனை பேர் கொடுப்பார்கள் என்று இங்கே யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது, அந்த ஐம்பதுதான் சொல்லும். எந்த வரியைக் காட்டிச் சந்தேகம் கேட்கிறார்கள் என்பதைக் குறித்து வைத்து, அந்த வரியைத் திருத்திவிட்டு மிச்சத்தை அச்சிடுங்கள்.

"மாதாமாதம் ஒட்டப்படும்" என்று எழுதிவிட்டீர்கள். ஒட்டாத முதல் மாதத்தை ஊரே பார்க்கும். முடியாது என்றால் காலாண்டுக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள்.

வெண்ணாறு | 27 ஆகஸ்ட்

2,601.

ஓடம்போக்கி | 19 செப்டம்பர்

குறுவைப் பணம் வந்த தெருவாகப் பார்த்து 50 கொடுத்தோம். 7 முழு நாள், 4 அரை நாள். 10ஏபி போட்டாயிற்று. ஏழு பேரில் ஐந்து பேர் 2,601 அனுப்பியிருக்கிறார்கள், @வெண்ணாறு சந்தோஷப்படலாம்.

அதிகம் வந்த கேள்வி சமையல்காரி சம்பளம் பற்றி. இரண்டு பேர் "அரிசிக்குத்தான் தருவேன், ஆள் கூலிக்கு இல்லை" என்று 1,540 மட்டும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டோம். ஆனால் அதற்கு ஒரு நாள் என்று நோட்டில் எழுதுவதா?

டீச்சரம்மா | 19 செப்டம்பர்

எழுதுங்கள். அந்த அரிசியில் அன்றைக்குச் சோறு வெந்தது உண்மைதானே.

பேரேடு | 20 செப்டம்பர்

எழுதாதீர்கள். முழு நாள் கொடுத்த ஏழு பேரும் அந்த நோட்டைப் பார்ப்பார்கள். அடுத்த வருடம் அவர்களும் 1,540தான் தருவார்கள். கடைசிப் பக்கத்தில் "மளிகைக்கு" என்று தனி வரிசை போடுங்கள்.

ஓடம்போக்கி | 20 செப்டம்பர்

அந்த இருவரில் ஒருவர் தாளாளரின் மச்சான். கடைசிப் பக்கத்துக்கு ஒப்புக்கொள்வாரா என்று பார்க்க வேண்டும்.